புது வாஷருக்கும் அடங்காத சொட்டு

குழாய் சொட்டினால் வாஷரை மாற்ற வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த வைத்தியம். பெரும்பாலும் அது பலிக்கும். சில குழாய்களில் மட்டும் புது வாஷர் போட்ட அன்று சொட்டு நின்றுவிட்டு, இரண்டு நாளில் மறுபடி தொடங்கும். வாஷர் மட்டமான சரக்கு என்று நினைத்து நல்லதாக இன்னொன்று வாங்கிப் போடுவோம். அதுவும் அதே கதையாகும். அந்த நிலையில் கோளாறு வாஷரில் இல்லை, வாஷர் போய் உட்காரும் இடத்தில் இருக்கிறது. பிளம்பர்கள் அதை 'சீட்' என்கிறார்கள். தேய்ந்த சீட்டைச் சீவி மறுபடி சமமாக்க ஒரு சின்னக் கருவி உண்டு. அதன் பெயர் சீட் கட்டர். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய, முதலில் குழாய் எப்படி அடைபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நான் சொல்வது பலமுறை திருகித் திறக்கும் பழைய மாதிரிப் பித்தளைக் குழாயை. இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரில் இருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பகம் 1845-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்றுவரை அதன் அடிப்படை மாறவே இல்லை. கைப்பிடியைத் திருகினால் ஸ்பிண்டில் என்ற மரைத்தண்டு கீழே இறங்கும். அதன் அடியில் ஜம்பர் என்ற காளான் வடிவத் துண்டு இருக்கும். ஜம்பரின் முகத்தில் ரப்பர் வாஷர். குழாயின் வயிற்றுக்குள் தண்ணீர் மேலேறி வரும் வட்டத் துளை ஒன்று உண்டு. அந்தத் துளையைச் சுற்றி மேல்நோக்கி எழும்பி நிற்கும் மெல்லிய பித்தளை விளிம்புதான் சீட். வாஷர் அந்த விளிம்பின் மேல் அழுந்தினால் குழாய் அடைபட்டது.

இதற்கு எவ்வளவு பலம் தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் சாதாரணமாகப் போடும் அரை அங்குலக் குழாயில் சீட்டின் உள்விட்டம் சுமார் 12 மி.மீ., விளிம்பின் அகலம் ஒன்றரை மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மாடித் தொட்டி குழாய்க்கு 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வாஷரை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ அரைக் கிலோ எடைதான். விளிம்பின் மேல் ரப்பர் தண்ணீரின் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக அழுந்த வேண்டும். அதற்கும் இன்னொரு அரைக் கிலோ போதும். சீட் கண்ணாடி போலச் சமமாக இருந்தால், மொத்தம் ஒரு கிலோ எடை அழுத்தத்தில் குழாய் அடைபட்டுவிடும். நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும் என்றாலும், இரண்டு விரல் பலம் போதும். நாமோ கைப்பிடியை முழுக்கையால் இறுக்குகிறோம். மரை அந்தப் பலத்தைப் பெருக்கிக் கொடுப்பதால் வாஷர் மேல் நூறு கிலோவுக்கு மேல் விழுகிறது. ஒரு கிலோ வேலைக்கு நூறு கிலோ அழுத்தம் தேவைப்படுகிறது என்றால், சீட் சமமாக இல்லை என்று அர்த்தம்.

சமம் கெடுவது ஒரு மணல் துகளில் தொடங்கும். தொட்டியின் அடியில் தங்கிய வண்டல் கலங்கி வரும்போது ஒரு துகள் வாஷருக்கும் சீட்டுக்கும் இடையில் மாட்டுகிறது. நாம் இறுக்குகிறோம். ரப்பர் அமுங்கிக் கொடுக்கும், பித்தளை கீறல் வாங்கும். அந்தக் கீறல் விளிம்பைக் குறுக்கே கடந்துவிட்டால், உள்ளிருந்து வெளியே தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் கிடைத்துவிட்டது.

அந்த வாய்க்கால் தலைமுடி கனம், அதாவது 0.1 மி.மீ. அகலமும் ஆழமும் மட்டுமே இருந்தாலும் போதும். 5 மீட்டர் உயரத் தொட்டித் தண்ணீர் அதற்குள் விநாடிக்கு 4 முதல் 5 மீட்டர் வேகத்தில் பாயும். ஒன்றேகால் விநாடிக்கு ஒரு சொட்டு விழும், நாள் முழுதும் சேர்ந்தால் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். இதில் கவனிக்க வேண்டியது அளவைவிட வேகத்தை. கட்டடங்களில் செம்புக் குழாய் பதிக்கும் பொறியாளர்கள் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். தாண்டினால், உலோகத்தின் மேல் இயல்பாகப் படிந்து அதைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை ஓடும் நீர் உரித்துவிடும். கீழே புது உலோகம் அரிக்கப்படும், அதையும் நீர் கொண்டுபோகும். நம் கீறலுக்குள் ஓடும் வேகம் அந்த வரம்பைப் போல இரண்டு மடங்கு. நீரில் குளோரினும் நுண்மணலும் இருந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும்.

ஆகவே சொட்டு ஒரே அளவில் நிற்பதில்லை. வாய்க்கால் 0.1-லிருந்து 0.2 மி.மீ. ஆகும்போது ஒழுகும் நீர் இரண்டு மடங்கு அல்ல, ஐந்து மடங்கு ஆகிறது. 'சொட்டுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்ட குழாய் சில மாதங்களில் நூலாக ஒழுகத் தொடங்குவது இதனால்தான்.

அப்படியென்றால் புது வாஷர் போட்டதும் இரண்டு நாள் ஏன் நிற்கிறது? ரப்பர் மெத்தென்று இருப்பதாக விரலுக்குத் தோன்றும், ஆனால் முடி கனக் கீறலுக்குள் அது எளிதில் நுழையாது. குழாய் வாஷருக்குப் பயன்படும் கெட்டி ரப்பரை அவ்வளவு குறுகலான பள்ளத்துக்குள் நிரப்ப, விளிம்பின் மேல் மொத்தம் முப்பது நாற்பது கிலோவாவது அழுத்த வேண்டியிருக்கும். முழுக்கையால் இறுக்கினால் அது கிடைக்கிறது. ரப்பர் பள்ளத்துக்குள் பிதுங்கி அதை அடைத்துவிடுகிறது. ஆனால் அழுத்தத்திலேயே கிடக்கும் ரப்பர் மெல்ல மெல்லத் தளரும். திருப்பித் தள்ளும் பலம் குறையும், பள்ளத்தின் ஓரம் அதன் முகத்தை வெட்டும். பள்ளத்தில் மறுபடி வழி திறக்கும். நாம் இன்னும் இறுக்குவோம். அடுத்து ஸ்பிண்டிலின் மரை தேயும். பழுது ஒன்று இரண்டாகிவிடும்.

கும்பகோணத்தில் என் அத்தை வீட்டுக் கொல்லைப்புறக் குழாய் இதே நிலையில் இருந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில் உள்ள பழைய பித்தளைக் குழாய். கெட்டியான வார்ப்பு, இப்போது அந்தக் கனத்தில் கிடைப்பது அரிது. ஒரு டம்ளரை அடியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடும். "வாஷர் மாத்தி மாத்திப் போட்டாச்சுப்பா. பிளம்பர் புதுக் குழாயே போட்டுடலாம்கிறார்" என்றார் அத்தை. கழற்றும் முன் ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால் அது ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள கிளாண்டு நட்டின் கோளாறு, சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே கழுத்து காய்ந்திருந்தது, நீர் வாய் வழியாக மட்டும் வந்தது.

தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வடித்தோம். பிறகு குழாயின் உடலை பைப் ரெஞ்சால், துணி சுற்றி, அசையாமல் பிடித்துக்கொண்டு மேல்மூடியின் ஆறுமுக நட்டை ஸ்பேனரால் இடப்பக்கம் திருகினோம். உடலைப் பிடிக்காமல் திருகினால் அந்த முறுக்கு முழுவதும் சுவருக்குள் இருக்கும் பிவிசி குழாய்க்குப் போகும். அது உடைந்தால் சுவரை இடிக்க வேண்டும்.

வெளியே வந்த வாஷர்தான் முதல் சாட்சி. நல்ல சீட்டில் உட்கார்ந்த வாஷரில் வட்டப் பள்ளம் ஒரே சீராகப் பதிந்திருக்கும். இந்த வாஷரின் வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு மெல்லிய மேடு குறுக்கே ஓடியது. சீட்டின் கீறலுக்குள் பிதுங்கிய ரப்பரின் அச்சு அது. போட்டுச் சில வாரங்களே ஆன வாஷரில் இப்படி ஒரு குறுக்குக் கோடு இருந்தால், வேறு ஆதாரம் தேவையில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் விளிம்பின் ஓரிடத்தில் கறுத்த கோடு தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரல் நுனியை விளிம்பைச் சுற்றி ஓட்டலாம், நகம் தட்டும் இடம் அதுதான்.

இந்த இடத்தில் பலர் உப்புத்தாளை விரலில் சுற்றி உள்ளே தேய்க்கிறார்கள். நான் அதை வேண்டாம் என்பேன். கீறல் ஆழமானால் அதன் அடிவரை விளிம்பு முழுவதையும் ஒரே மட்டத்தில் இறக்க வேண்டும். விரல் மட்டம் பிடிக்காது. விளிம்பின் ஓரங்கள் உருண்டுபோகும், ஒரு பக்கம் தாழும், கீறல் அப்படியே இருக்கும். தேவைப்படுவது சமமான முகம் மட்டும் அல்ல, ஸ்பிண்டிலின் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தான முகம். வாஷர் நேராக இறங்குகிறது, சீட் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் முதலில் தொடும், மறுபக்கம் வாய் திறந்திருக்கும்.

அந்தச் செங்குத்தை சீட் கட்டர் எங்கிருந்து எடுக்கிறது என்பதில்தான் இந்தக் கருவியின் அறிவு முழுவதும் இருக்கிறது. குழாய் செய்யப்பட்டபோது, மேல்மூடி திருகும் மரையும் உள்ளே இருக்கும் சீட்டும் ஒரே அச்சில் கடையப்பட்டவை. ஆகவே அந்த மரை சீட்டின் நடுவையும் நேரையும் காட்டுகிறது. கட்டரில் ஒரு வழிகாட்டிப் புஷ் உண்டு. மேல்மூடியைக் கழற்றிய இடத்தில் அதைத் திருகி உட்கார வைக்க வேண்டும். புஷ்ஷின் நடுவே ஒரு தண்டு இறங்கும். தண்டின் அடியில் பற்கள் கொண்ட தட்டையான வட்டக் கட்டர், மேலே பிடித்துத் திருக ஒரு கைப்பிடி. கையால் சுற்றும் இந்தக் கட்டர், தொழிற்சாலையில் இருந்த அதே அச்சில் மறுபடி சுழல்கிறது. ஒழுகும் குழாயே தன் பழுதை நீக்க அளவுகோலும் கொடுக்கிறது.

புஷ் இரண்டு வகையில் வரும். குறிப்பிட்ட மரைக்கென்றே செய்த நேர் புஷ் நம்பகமானது. எந்தக் குழாயிலும் சேரும்படி கூம்பு வடிவில் மரை வெட்டியதும் உண்டு. அது ஓரிரு மரையிலேயே பிடித்து நின்றுவிடுவதால் கோணலாக உட்கார்ந்துவிட வாய்ப்பு அதிகம். கூம்பு வகை என்றால் கையால் நேராகத் தொடங்கி, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். கட்டரின் விட்டம் சீட்டின் விளிம்பைவிடச் சற்றுப் பெரிதாகவும், குழாயின் உட்சுவரில் உரசாத அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும். சிறிய கட்டர் போட்டால் விளிம்பின் உட்பாதி மட்டும் சீவப்பட்டு, வெளிப்பாதி படியாக நிற்கும்.

சீவுவதற்கு முன் விளிம்பு முழுவதும் மார்க்கர் பேனாவால் நீலம் பூசினோம். இந்த ஒரு வேலையை யாரும் விட்டுவிடக் கூடாது. நீலம் மறைந்த இடம் கட்டர் தொட்ட இடம், மறையாத இடம் இன்னும் தாழ்வான இடம். கட்டரை இறக்கி, மிதமாக அழுத்தி, வலப்பக்கமாக மட்டும் மூன்று சுற்று. பின்பக்கம் சுற்றினால் பற்களின் முனை மழுங்கும், பிசிறு பற்களுக்கு அடியில் மாட்டிப் புதுக் கீறல் போடும். பித்தளையைச் சீவ எண்ணெய் வேண்டாம்.

முதல் மூன்று சுற்றில் விளிம்பின் பாதி மட்டுமே பளபளத்தது. அதைக் கண்டதும் கட்டர் கோணலாக இருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். புஷ்ஷைக் கழற்றி மறுபடி உட்கார வைத்து, நீலம் பூசி, இன்னும் சில சுற்று. இப்போது பளபளப்பு அதே பக்கத்திலிருந்து வளர்ந்து முக்கால் வட்டம் ஆனது. கட்டர் நேராகத்தான் இருக்கிறது, பழைய விளிம்புதான் ஒரு பக்கம் தேய்ந்து தாழ்ந்திருக்கிறது என்று உறுதியானது. புஷ்ஷை மாற்றி உட்கார வைத்தபின் பளபளப்பு வேறு பக்கத்துக்குத் தாவியிருந்தால் குற்றம் புஷ்ஷின் பேரில்.

வட்டம் முழுவதும் பளபளத்த பிறகும் கீறலின் அடியில் நீலக் கோடு ஒன்று மிஞ்சியது. அது மறையும் வரை இரண்டிரண்டு சுற்றாகப் போனோம். கடைசிச் சுற்றுகளில் அழுத்தத்தைக் குறைத்து, கட்டரின் எடையோடு மட்டும் சுற்ற வேண்டும். அழுத்தம் கூடுதலாகவோ தண்டு புஷ்ஷுக்குள் ஆட்டமாகவோ இருந்தால் கட்டர் குதித்துக் குதித்து ஓடும். கையில் கடகடவென்ற அதிர்வு தெரியும், சீட்டில் சிற்றலை போன்ற வரிகள் விழும். அந்த வரிகளும் தண்ணீருக்கு வழிதான். மெதுவான, நிற்காத சுற்று அவற்றைச் சரிசெய்யும். எல்லாம் சேர்ந்து சீவப்பட்டது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நீலம் மறைந்த பிறகு ஒரு சுற்றுகூட அதிகம் போகக் கூடாது. விளிம்பின் உயரம் ஓரிரு மில்லிமீட்டர்தான், இழந்தது திரும்பாது. பல குழாய்களில் விளிம்பு கீழே போகப் போக அகலமாகும், அகலமான சீட்டை அடைக்க அதிக அழுத்தம் வேண்டும்.

அடுத்து பிசிறு. இந்த வேலையில் அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். உள்ளே தங்கும் பித்தளைத் துகள் ஒன்று புது வாஷரில் குத்திக்கொண்டால், முதல் முறை அடைக்கும்போதே புது சீட்டைக் கீறிவிடும். மேல்மூடி போடாமலேயே கேட் வால்வைக் கொஞ்சம் திறந்து, தண்ணீர் மேலே பொங்கி வழியும்படி விட்டுக் கழுவிவிட வேண்டும்.

வாஷர் புதிதாக இருக்க வேண்டும். பழையது சில வாரங்கள் மட்டுமே ஆனது என்றாலும், பழைய கீறலின் மேடு அதில் பதிந்திருக்கிறது. சமமான சீட்டின் மேல் அந்த மேடு உட்கார்ந்தால் அதன் இருபக்கமும் இடைவெளி விழும். ஜம்பரின் முகத்தில் படிந்த உப்புக் கறையையும் சுரண்டிவிட வேண்டும், இல்லையென்றால் வாஷர் சாய்ந்து நிற்கும். மேல்மூடியைத் திருகும் முன் ஸ்பிண்டிலை முழுவதும் மேலே ஏற்றி, திறந்த நிலையில் வைக்க வேண்டும். இறங்கிய நிலையில் வைத்துத் திருகினால், மூடி இறுகும்போது வாஷர் சீட்டின் மேல் அரைபடும்.

தண்ணீரைத் திறந்துவிட்டு, இரண்டு விரலால் மட்டும் அத்தை குழாயை அடைத்தார். சொட்டு உடனே நிற்கவில்லை. பயப்பட வேண்டியதில்லை, வாய்ப்பகுதியில் தங்கிய நீர் வடிய சில நிமிடம் ஆகும். வாயைத் துணியால் துடைத்துவிட்டு, காகிதத்தைச் சுருட்டி உள்ளே வைத்துக் கால் மணி நேரம் கழித்து எடுத்தோம். காகிதம் காய்ந்திருந்தது.

எல்லாக் குழாய்க்கும் இது பொருந்தாது. கால் சுற்றில் திறக்கும் இன்றைய குழாய்களில் இரண்டு செராமிக் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி வழியை அடைக்கின்றன. அவற்றில் சீவ வேண்டிய சீட் இல்லை, உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயின் சீட்டைச் சீவுவது வீண்வேலை. சில வகைகளில் சீட் தனியாகக் கழன்று வரும்படி மரையோடு இருக்கும், அதை மாற்றிவிடலாம்.

பித்தளையிலேயே ஒரு நோய் உண்டு, அதற்கும் கட்டர் மருந்தாகாது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். குளோரைடு மிகுந்த நீர் பல ஆண்டுகள் படும்போது சில பித்தளைகளிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறும். மிஞ்சும் செம்பு வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே நுண்துளைகள் நிறைந்து பலமில்லாமல் நிற்கும். இதை கட்டரின் அடியில் வரும் பிசிறே சொல்லிவிடும். ஆரோக்கியமான பித்தளை மஞ்சளாக மின்னும் சிறு துணுக்குகளாக வரும். இளஞ்சிவப்பாக, தூளாக உதிர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். எவ்வளவு சீவினாலும் அடியில் கெட்டியான உலோகம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அந்தக் குழாய்க்கு ஆயுள் முடிந்தது, புதிது வாங்குவதே நியாயம். விளிம்பில் விரிசல் கண்டாலும், கீறல் விளிம்பின் பாதி உயரத்துக்கு மேல் இறங்கியிருந்தாலும் அதே தீர்ப்பு.

மற்றபடி கனமான பழைய பித்தளைக் குழாய் உங்கள் வீட்டில் இருந்தால், சொட்டுகிறது என்பதற்காக அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். அடுத்த வாஷரை வாங்கும் முன், கழற்றிய வாஷரின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்தின் குறுக்கே ஒரு மேடு இருந்தால் கடையில் வாஷரோடு சீட் கட்டரும் கேளுங்கள், அல்லது அதை வைத்திருக்கும் பிளம்பரைத் தேடுங்கள். சீவிய பிறகு, வீட்டில் எல்லோரும் அந்தக் குழாயை இரண்டு விரலால் மட்டும் அடைக்கட்டும்.